61 யூனிட் ஏற்றினேன், 55 யூனிட்தான் ஓடியது: மீதி எங்கே?

நெடுவழிப்பயணி:
64 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜில் 450 கிலோமீட்டர் என்று விற்கப்பட்ட கார், நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் 330 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வீட்டில் மறுபடி முழுதாக ஏற்றியபோது சுவர் மீட்டரில் 61 யூனிட் ஏறியது. கார்த் திரையோ அந்தப் பயணத்துக்கு 55 யூனிட்தான் செலவு என்கிறது. "ஓட்டத் தெரியாதவர்கள்தான் ரேஞ்ச் குறைகிறது என்பார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அந்த 6 யூனிட் எங்கே போனது?

பட்டறை:
நான் எத்தனையோ முறை எழுதியதுதான். 64 என்பது மொத்த அளவு. மேலேயும் கீழேயும் கொஞ்சம் பூட்டி வைத்துவிட்டு மீதியைத்தான் ஓட்டத்துக்குத் திறந்து விடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டுச் சிறிய எண்ணைக் கையில் தருகிறார்கள். உங்கள் ரேஞ்ச் குறைந்ததற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

மீட்டர்வாசகன்:
பூட்டி வைப்பது உண்மை. அது மட்டுமே காரணம் என்பது தவறு. 100-லிருந்து 8 வரை 92 சதவீதம் செலவாகி, அதற்கு 55 யூனிட் போயிருக்கிறது என்றால் 100 சதவீதத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 60 வருகிறது. ஆக பூட்டியிருப்பது 4 யூனிட். பயணியின் வண்டி 100 கிலோமீட்டருக்கு 16.7 யூனிட் எடுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பூட்டிய 4 யூனிட்டையும் திறந்து விட்டிருந்தால் கூடுதலாக 24 கிலோமீட்டர் ஓடியிருக்கும். கடைசிச் சொட்டு வரை ஓட்டினாலும் 60 யூனிட்டுக்கு 360 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 450-க்கும் 360-க்கும் நடுவே இருக்கும் 90 கிலோமீட்டரை அந்த 24 எப்படி விழுங்கும்?

நெடுவழிப்பயணி:
நான் கேட்டது 61-ஐப் பற்றி. காசு கட்டியது 61-க்கு.

மீட்டர்வாசகன்:
61 என்பது சுவரில் அளந்தது, 55 என்பது பேட்டரியிலிருந்து வெளியே போனது. வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் சார்ஜர் காருக்குள் சூடாகிறது. ஏறும் நேரம் முழுவதும் வண்டியின் கணினிகளும், சில சமயம் குளிரூட்டும் பம்பும் விழித்திருக்கின்றன. பேட்டரியும் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் வெப்பத்தை விடுகிறது. இவற்றில் பத்தில் ஒரு பங்கு போவது வழக்கமானது, உங்கள் 6 யூனிட்டும் அந்த அளவுதான். குறைந்த ஆம்பியரில் இரவு முழுக்க ஏற்றினால் கணினிகள் விழித்திருக்கும் நேரம் கூடுவதால் இழப்பும் கூடும். ஆனால் இந்த 6 யூனிட் உங்கள் செலவைத்தான் கூட்டுகிறது. ரேஞ்சில் ஒரு கிலோமீட்டரைக்கூட அது குறைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் இங்கே பாதிச் சண்டை நடக்கிறது.

பட்டறை:
அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். இதே வண்டியின் விளம்பரத் தாளில் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று அச்சடித்திருக்கிறார்கள். 450 கிலோமீட்டருக்கு 67.5 யூனிட் வேண்டும். பேட்டரியோ மொத்தமே 64. இல்லாத மின்சாரத்தில் ஓடியதாக எழுதுவதற்குப் பெயர் பொய் இல்லாமல் வேறு என்ன?

மீட்டர்வாசகன்:
அந்தக் கேள்விக்கும் பதில் சுவரில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் போடும் ரேஞ்சையும் செலவையும் அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனையில் வண்டியை ஓட்டித் தீர்த்த பிறகு மறுபடி ஏற்றி, சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தை வைத்துத்தான் செலவைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே அந்த 15-க்குள் ஏற்றும்போது போகும் இழப்பும் அடங்கியிருக்கிறது. ரேஞ்ச் என்பது ஓடிய தூரம் மட்டும். 67.5 சுவரில், 60 பேட்டரியில். பயணியின் வீட்டில் 61-ம் 55-ம் நிற்கும் விகிதம் ஏறக்குறைய அதேதான். நீங்கள் பொய் என்று காட்டிய எண்ணே அவருடைய மீட்டர் சரியாக ஓடுவதற்குச் சாட்சி.

இருசக்கரம்:
என்னுடைய மின்ஸ்கூட்டரிலும் இதே கதைதான். தனியாகப் போனால் ஒரு தூரம், பின்னால் ஆளை ஏற்றினால் வேறு தூரம். கிளம்பும்போது திரை 90 கிலோமீட்டர் என்கிறது, மேம்பாலம் ஏறி இறங்கியதும் 70 என்கிறது. இந்தத் திரையை எப்படி நம்புவது?

பட்டறை:
காரைப் பற்றிய பேச்சில் ஸ்கூட்டரைக் கொண்டு வர வேண்டாம்.

இருசக்கரம்:
பேட்டரி இரண்டுக்கும் பேட்டரிதானே ஐயா? போன மாதம் நான் கேட்ட கேள்வியையும் இப்படித்தான் ஒதுக்கினீர்கள்.

மீட்டர்வாசகன்:
அவர் கேட்டது பொருத்தமான கேள்வி. திரை காட்டும் மீதித் தூரம், அண்மையில் எப்படி ஓட்டினீர்களோ அதே போல இனியும் ஓட்டுவீர்கள் என்ற ஊகம். ஏற்றத்தில் செலவு கூடியதும் அது பயந்து குறைத்துக் காட்டுகிறது. சதவீதத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வைத்துக்கொள்வதே நம்பகமானது.

இனி காரில் 450-க்கும் 360-க்கும் நடுவே நின்ற அந்த 90 கிலோமீட்டர். டபிள்யூஎல்டிபி ஓட்டம் அரை மணி நேரம், ஏறக்குறைய 23 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். 131 வரை தொடுகிறது என்றாலும் அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். அறை வெப்பம் 23 டிகிரி, ஏசி அணைந்திருக்கும். பயணி ஓட்டியது தொடர்ந்து 110. காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 90-லிருந்து 110-க்குப் போனாலே காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். இந்த அளவுள்ள ஒரு காருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90-ல் 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அதாவது விளம்பரம் சொன்ன 450-க்குப் பக்கத்தில் வருகிறது. 110-ல் 17-ஐத் தொடுகிறது. பயணிக்குக் கிடைத்தது 16.7. வண்டியில் கோளாறு என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

நெடுவழிப்பயணி:
நெடுஞ்சாலையில் 90-ல் போவதற்காகவா இந்தக் காரை வாங்கினேன்? 61 யூனிட் கொடுத்து 330 கிலோமீட்டர் வாங்கியிருக்கிறேன். அந்தக் கணக்கை ஏன் தாளில் போடவில்லை?

இருசக்கரம்:
அப்படியானால் நகருக்குள் மெதுவாக ஓட்டினால் காரில் எப்போதும் 450 வந்துவிடுமா?

மீட்டர்வாசகன்:
எப்போதும் வராது. கடும் குளிரில் ஹீட்டர் 3 கிலோவாட் எடுத்துக்கொண்டிருக்க, நெரிசலில் 30 வேகத்தில் ஊர்ந்தால், ஹீட்டருக்கு மட்டுமே 100 கிலோமீட்டருக்கு 10 யூனிட் போகும். அதே ஹீட்டர் 110-ல் 3 யூனிட்டுக்கும் குறைவாகத்தான் கேட்கும். வேகமாகப் போனால் காற்று தின்கிறது, மெதுவாகப் போனால் நேரம் தின்கிறது.

பட்டறை:
எல்லாம் அந்த 8 சதவீதத்தின் மேல் கட்டிய கணக்கு. பயணியின் பேட்டரி இரும்பு பாஸ்பேட் வகை. அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் அசைவதே இல்லை, ஆகையால் சதவீதம் வழுக்கிக்கொண்டே போகும். அதற்காகத்தான் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். திரையில் 8 என்று இருந்தபோது உள்ளே 3 இருந்திருக்கலாம். அப்போது உங்கள் 60 என்ன ஆகும்?

மீட்டர்வாசகன்:
வழுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 3 என்று வைத்துக்கொண்டு, பேட்டரி 60 என்றே எடுத்தால், செலவானது 58 யூனிட் ஆகும். சுவரில் 61 கொடுத்து 58 திரும்ப வந்தது என்றால் இழப்பு 5 சதவீதம்தான். வீட்டுச் சார்ஜிங்கில் அவ்வளவு நல்ல விகிதத்தை நான் பார்த்ததில்லை.

பட்டறை:
நீங்கள் பார்த்ததில்லை என்பது சாட்சி ஆகாது. 55 என்று காட்டியதும் 8 என்று காட்டியதும் ஒரே கருவி. அந்தக் கருவியே தவறினால் இரண்டும் சேர்ந்துதான் தவறும். அல்லது பேட்டரியே 57-ஆகச் சுருங்கியிருக்கலாம்.

மீட்டர்வாசகன்:
அதனால்தான் காருக்கு வெளியே இருக்கும் சுவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். பயணி அதே சாலையில், அதே வெயிலில், ஒரு முறை 90-ல் 10 சதவீதம் வரை ஓட்டிவிட்டு, அதே சார்ஜரில் அதே ஆம்பியரில் ஏற்றி இரண்டு எண்களையும் இங்கே எழுதட்டும். செலவு 13-க்கும் 14-க்கும் நடுவே வந்தால் பேட்டரியைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம்.

பட்டறை:
13 வந்தாலும் அந்த 4 யூனிட் பூட்டியேதான் இருக்கும்.

நெடுவழிப்பயணி:
ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன். ஆனால் 61 ஏற்றினேன், 55 ஓடியது. இதில் ஓட்டத் தெரியாதவன் நான் என்று எழுதியவர் இன்னும் பதில் சொல்லவில்லை.