வெள்ளை சோப்பு சாம்பலாகவும் மஞ்சளாகவும் வருகிறது, அவசரம்

சோப்புப்பெட்டி: கையால் செய்த சோப்பையும் பிஸ்கட்டையும் இணையக் கடையில் போட வேண்டும். ஜன்னல் ஓரத்தில் மேசை, அதில் வெள்ளைச் சார்ட் தாள், போனில்தான் எடுக்கிறேன். எல்லாம் மங்கல். தாள் சாம்பலாக இருக்கிறது, சோப்பின் ஒரு பக்கம் மஞ்சளடிக்கிறது. நாளைக்குள் ஏற்றியாக வேண்டும். என்ன செய்வது?

பழைய_லென்ஸ்: ஜன்னல் எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மங்கல் என்றால் இருட்டா, தெளிவில்லையா? மாதம் நான்கு பேர் இதே கேள்வியோடு வருகிறீர்கள், ஒருவராவது படத்தை இணைப்பதில்லை. பழைய இழைகளைப் படிப்பது அவ்வளவு பாரமா?

கேக்மேசை: லென்ஸைத் துடைத்தீர்களா அக்கா? வெண்ணெய்க் கையோடு போனைத் தொட்டுவிட்டு ஒரு வாரம் போனையே திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

வளையவெளிச்சம்: ஜன்னலை நம்பினால் மேகம் வந்ததும் கடை மூடிவிடும். வளைய விளக்கு ஒன்று வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

காதணிக்காரன்: எனக்கும் இதே பிரச்சினைதான். காதணியில் என் முகமே தெரிகிறது.

பழைய_லென்ஸ்: அது இதே பிரச்சினை இல்லை.

சோப்புப்பெட்டி: துடைத்தேன், கொஞ்சம் தேவலை. ஜன்னல் இடப்பக்கம், நேரம் மாலை ஐந்து மணி. மேலே விளக்கு எரிகிறது, அணைத்தால் இருட்டாகிவிடுகிறதே! சோப்பின் மேல் பூ முத்திரை இருக்கிறது. அது தெரிய வேண்டும் என்று அரைச் சாண் தூரத்தில் வைத்து எடுக்கிறேன்.

தாழ்வாரம்: இப்போது புரிகிறது. மஞ்சளுக்குக் காரணம் அந்த விளக்குதான். பகல் வெளிச்சம் நீலம் கலந்தது, உங்கள் விளக்கு மஞ்சள். இந்த இரண்டு வெளிச்சத்தில் ஒன்றுக்குத்தான் போன் நிறத்தைச் சரிசெய்யும், மற்றது கறையாக மிஞ்சும். விளக்கை அணைத்து ஒரு படம் எடுங்கள், மஞ்சள் போனால் விடை கிடைத்துவிட்டது. போகாவிட்டால் பக்கத்துச் சுவரையும் திரைச்சீலையையும் பாருங்கள், அவற்றின் நிறமும் சோப்பில் ஏறும். இருட்டாகிறது என்றால் மேசையை ஜன்னலுக்கு அருகே நகர்த்துங்கள், மாலையை விட்டு முற்பகலில் எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் மட்டும் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள்.

சாம்பல் வேறு கதை. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் போன் தானே குறைத்துவிடும். திரையில் சோப்பின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், சில போன்களில் AE/AF LOCK என்று வரும். பிறகு சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள். கண் தாளில் இருக்கக் கூடாது, பூ முத்திரையில் இருக்க வேண்டும். இதழின் ஓரக்கோடு கரையத் தொடங்கினால் சற்றுக் கீழே இறக்குங்கள்.

அரைச் சாண் மிக நெருக்கம். பல போன்களின் முதன்மை லென்ஸ் அந்தத் தூரத்தில் குவியாது. சில போன்கள் சொல்லாமலே அகல லென்ஸுக்குத் தாவும், அதில் கூர்மை குறைவு. இரண்டு சாண் பின்னால் போய் 2x வைத்து எடுங்கள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, டைமரை மூன்று விநாடிக்கு வையுங்கள், கை நடுக்கமும் போய்விடும்.

வளையவெளிச்சம்: இவ்வளவு பாடு எதற்கு? செயலியில் வெண்மையைக் கூட்டினால் தாள் பளிச்சென்று ஆகிவிடும்.

கேக்மேசை: தாளோடு சோப்பும் பளிச்சென்று ஆகிவிடுமே. அப்படித்தான் என் இளஞ்சிவப்பு கேக் வெள்ளையாகத் தெரிந்தது. வாங்கியவர் வேறு கேக் அனுப்பிவிட்டீர்கள் என்றார்.

வளையவெளிச்சம்: திரைக்குத் திரை நிறம் மாறும். அதற்கெல்லாம் விற்பவர் பொறுப்பா?

கேக்மேசை: திரை மாற்றுவது வேறு, நாம் மாற்றுவது வேறு.

பழைய_லென்ஸ்: இருவரும் தனி இழை தொடங்குங்கள். சாம்பல் அட்டை வைத்து நிறம் சரிபார்க்கத் தெரிந்தவன் இந்தச் சண்டைக்கே வரமாட்டான்.

தாழ்வாரம்: சோப்பு விற்பவரிடம் சாம்பல் அட்டைக்கு எங்கே போகச் சொல்கிறீர்கள் ஐயா? வெள்ளைத் தாளே போதும்.

சோப்புப்பெட்டி: விளக்கை அணைத்தேன், மஞ்சள் போய்விட்டது. பூவும் தெரிகிறது. ஆனால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் சோப்பு கறுத்துக் கிடக்கிறது. பிஸ்கட்டோ தட்டையாக, அட்டை மாதிரி வருகிறது.

தாழ்வாரம்: அந்தக் கறுத்த பக்கத்தில், படத்துக்குள் வராதபடி இன்னொரு வெள்ளைச் சார்ட்டை நிமிர்த்தி வையுங்கள். அருகே கொண்டுவரக் கொண்டுவர நிழல் வெளுக்கும். பிஸ்கட்டுக்கு அந்தச் சார்ட்டை அகற்றிவிடுங்கள். தட்டைத் திருப்பி, ஜன்னல் பிஸ்கட்டின் பின்பக்கவாட்டில் இருக்கும்படி வைத்துத் தாழ்ந்த கோணத்தில் எடுங்கள். ஒவ்வொரு பொருக்குக்கும் சின்ன நிழல் விழும், மொறுமொறுப்பு அதில்தான் தெரியும்.

வளையவெளிச்சம்: வளைய விளக்கிலும் அது வரும்.

தாழ்வாரம்: லென்ஸைச் சுற்றி மாட்டினால் வராது. வெளிச்சம் நேர் எதிரே விழுந்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கேக்மேசை: சோப்புப்பெட்டி அக்கா, பிஸ்கட் சரியாக வந்ததா?

காதணிக்காரன்: மூன்று நாளாகிவிட்டது, அவர் வரவில்லை. அப்படியே என் காதணிக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். வளைய விளக்கு வாங்கிவிட்டேன். இப்போது முகத்தோடு ஒரு வளையமும் தெரிகிறது.