ப்ரீ-பிட்டில் கேட்கலாமா, கமுக்கமா இருக்கலாமா?

குழாய்க்கடை: பேரூராட்சி குடிநீர் டெண்டர். விவரக்குறிப்பில் 110 மி.மீ. எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய், பொருள் தரம் பிஇ 100, அழுத்தத் தரம் பிஎன் 6. விலை நிரப்பும் பட்டியலான பிஓக்யூவில் அதே குழாய்க்கு பிஇ 80, பிஎன் 6. விலை போடுறதுக்கு முன்னாடி நடக்கிற ப்ரீ-பிட் கூட்டத்தில் கேட்கலாமா?

மதுரைமுத்து: கேட்காதீங்கண்ணே. பதில் எல்லாருக்கும் போகும், போட்டிக்காரனுக்கு ஓசி ட்யூஷன். மலிவானதுக்கு விலை போடுங்க. குழப்பமா எழுதினது அவங்க, கோர்ட்டு அவங்களுக்கு எதிராத்தான் பார்க்கும்.

தணிகை: முத்து, அது கையெழுத்தான ஒப்பந்தத்துக்குச் சொல்கிற வாதம். டெண்டர் கட்டத்தில் கதை வேறு. ஆவணத்தை எழுதியவரே அதற்குச் சரியான பொருள் சொல்லக்கூடியவர் என்று 2016-இல் ஆஃப்கான்ஸ் – நாக்பூர் மெட்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்பட்டமாக முறைகேடு இல்லையென்றால் கை வைக்க மாட்டார்கள்.

இதில் எது மலிவு என்பதே பலருக்குத் தலைகீழ். பிஇ 100 வலுவான பொருள், அதனால் அதே அழுத்தத்துக்குச் சுவர் மெலிந்தாலும் தாங்கும்: சுமார் 4.2 மி.மீ. பிஇ 80-க்கு சுமார் 5.3. மீட்டருக்குக் கால் பங்கு எடை கூடும், அதனால் விலையும். ஒருவர் மெல்லியதற்கும் இன்னொருவர் கனத்ததற்கும் விலை போட்டால் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலைக்காரர், என்பதற்கே அர்த்தமில்லை.

கோவைபாபு: சிறுதொழில் பதிவு இருந்தா முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாமே?

தணிகை: பாபு, அவர் கேட்டது அதில்லை.

சுமதி: வாயால் கேட்டு ஏமாறாதீங்க. எங்க கணினி டெண்டர்ல கூட்டத்துலயே கேட்டோம், "ரெண்டும் ஓகே மேடம்"னாங்க. கூட்டக் குறிப்புல அது ஏறல. தொழில்நுட்ப மதிப்பீட்டுல எங்களைத் தூக்கிட்டாங்க.

குழாய்க்கடை: சரி, எழுதிக் கேட்கிறேன். ஆனா "டெண்டர் ஆவணப்படி"ன்னு ஒத்தை வரியில பதில் வந்தா?

தணிகை: அப்படி வர இடம் கொடுக்காமல் கேளுங்கள். "தரம் என்ன?" என்று கேட்டால் அந்த ஒத்தை வரிதான் வரும். இரண்டு பக்க எண்களையும் போட்டு, அங்கிருக்கும் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதி, "பிஇ 80-ஆ, பிஇ 100-ஆ? குறைந்தபட்சச் சுவர்த் தடிமன் எவ்வளவு? இரண்டில் எந்தப் பகுதி செல்லும்?" என்று கேளுங்கள். பதில் கடிதம் போதாது, பிஓக்யூவையே திருத்தி அறிவிப்பு வெளியிடக் கோருங்கள். தமிழ்நாடு டெண்டர் விதிகளில் கேட்டவர் பெயரைக் காட்டாமல்தான் பதிலை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

மதுரைமுத்து: பேரு இல்லாட்டியும் கேள்வியைப் பார்த்தாலே ஊர்ல யாருன்னு தெரிஞ்சுடும். முகப்புக் கடிதத்துல "பிஇ 100 என எடுத்துக்கொண்டோம்"னு ஒரு வரி போதாதா?

தணிகை: அது நிபந்தனையோடு கூடிய டெண்டர். பிரித்ததும் தள்ளிவிடலாம்.

சுமதி: திருத்தம் கடைசி நாள்ல வந்தா ஆலைகிட்ட மறுபடி விலை வாங்க நேரம் ஏது?

தணிகை: அதே கடிதத்தில் கடைசித் தேதியைத் தள்ளவும் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

மதுரைமுத்து: நான் இன்னும் கேட்க மாட்டேன்.