யானைக் காசு: ஒரு பைசாவா, அரைப் பைசாவா? பக்கத்தில் என்ன வைத்துப் படம் எடுக்கிறீர்கள்?

ராயக்கோட்டை ரவி

தாத்தா வீட்டு மரப்பெட்டியைச் சுத்தம் செய்தபோது மூன்று செப்புக் காசுகள் கிடைத்தன. மூன்றிலும் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து. திப்பு காலத்துக் காசு என்பதில் சந்தேகம் இல்லை. 1792 வரை நம் பாரமகால் அவர் கையில்தானே இருந்தது, இந்தப் பக்கம் பழைய வீடுகளில் இது கிடைப்பது பெரிய அதிசயமும் இல்லை.

தெரிந்தவர்கள் இரண்டு பேருக்குப் படம் அனுப்பினேன். முதல் காசுக்குப் பக்கத்தில் அளவு தெரியட்டும் என்று ஒரு ரூபாய் வைத்திருந்தேன். மற்ற இரண்டும் என் உள்ளங்கையில். ஒருவர் முதல் காசை ஒரு பைசா என்கிறார், இன்னொருவர் அரைப் பைசாதான் என்று அடித்துச் சொல்கிறார். பெரியதிலும் சின்னதிலும் யானை ஒரே மாதிரி இருப்பதால் எனக்கும் பிடிபடவில்லை. இப்படிப் படத்தை வைத்து அளவு கண்டுபிடித்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பழையபேட்டை மாமா

ரவி, இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. அவரவர் மனதில் இருக்கிற ஒரு ரூபாய் வேறு வேறு, அவ்வளவுதான்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி, திரை மேலேயே ஸ்கேல் வைத்து அளந்தேன். ரூபாய் 50 மில்லிமீட்டர், யானைக் காசு 45. அதாவது ரூபாயின் அகலத்தில் பத்தில் ஒன்பது பங்கு. இதுவரை சரி. ஆனால் எந்த ரூபாய்? 1992-ல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம். 2011-ல் ₹ குறியோடு வந்தது 22-க்குக் கொஞ்சம் கம்மி. 2019-க்கு அப்புறம் வந்தது 20 தான். மூன்றும் இன்றைக்கும் நம் சட்டைப் பையில் கலந்து கிடக்கிறது. அதற்கு முந்தைய கனமான ஒரு ரூபாயைச் சிலர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அது இன்னும் பெரியது.

இப்போது கணக்குப் போடுங்கள். 25 என்றால் உங்கள் காசு 22.5. 22 என்றால் 20-க்குச் சற்றுக் கீழே. 20 என்றால் வெறும் 18. என் கைக்கு வந்த யானைக் காசுகளில் ஒரு பைசா பெரும்பாலும் 22-க்கு மேல்தான் இருந்தது, அரைப் பைசா 18-லிருந்து 20-க்குள். ஆக ஒரே படத்துக்கு இரண்டு பதிலும் பொருந்தும். உங்கள் படத்தில் ரூபாய் மேல் லைட் அடித்து வெளுத்துவிட்டது, ஆண்டும் தெரியவில்லை, குறியும் தெரியவில்லை.

பத்து ரூபாய்க் காசு வைத்து எடுங்கள். இரண்டு உலோகத்தில் வருகிற அந்தக் காசு ஆரம்பத்திலிருந்து 27 மி.மீ. தான், மாறவில்லை. கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், இதற்காவது உதவட்டும். ஐந்து ரூபாயும் நெடுநாள் 23-ஆகவே இருந்தது, 2019-ல் அதையும் 25 ஆக்கிவிட்டார்கள்.

காவேரிப்பட்டணம் கணேசன்

மாமா, என்னிடம் 1992 ஒரு ரூபாய் நிறைய இருக்கு. நீங்கள் சொல்கிற 25 மி.மீ. காசு இப்போது என்ன விலைக்குப் போகுது? படம் அனுப்பட்டுமா?

பழையபேட்டை மாமா

ஒரு ரூபாய்க்குப் போகும் கணேசா.

பென்னாகரம் வளர்மதி

நான் காசே வைப்பதில்லை, கைதான். கிராமம் கிராமமாகப் போய் உடைந்த பானை ஓடு, பாசிமணி எல்லாம் படம் எடுக்கிறேன். எப்போதும் என் இடது கைதான் இருக்கும். என் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலம் என்று அளந்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் எது பெரிய மணி, எது சின்ன மணி என்று பிரித்துவிடுவேன். கை மறந்து போகாது, பையில் தேட வேண்டியதும் இல்லை. ரவி அண்ணா, உங்கள் உள்ளங்கைப் படங்களும் போதும் என்பதுதான் என் கருத்து. உங்கள் விரலை அளந்து சொல்லுங்கள், முடிந்தது வேலை.

பழையபேட்டை மாமா

உங்களுக்கு நீங்களே பார்த்துக்கொள்ளும் வரை அது நல்ல வழிதான் வளர்மதி, மறுக்க மாட்டேன். ஒரே கை என்பதால் படத்துக்குப் படம் ஒப்பிட முடிகிறது. அடுத்தவருக்கு அனுப்பும்போதுதான் சிக்கல், என் நகமும் உங்கள் நகமும் ஒன்றா? ரவி படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கையைக் குழித்துப் பிடித்திருக்கிறார். காசு பள்ளத்தில், விரல் நுனிகள் மேலே எழும்பி போனுக்குப் பக்கத்தில். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், அதனால் காசு உள்ளதை விடச் சின்னதாகத் தெரியும். விரலை அளந்து சொன்னாலும் அந்தப் பிசகு போகாது. பாசிமணியைச் சமதரையில் வைத்து, விரலையும் தரையோடு படிய வைத்து எடுப்பவருக்கு இது வராது.

தருமபுரி பம்ப் மெக்கானிக்

காசு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த உயர விஷயத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல, அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்து மோட்டாரில் பேரிங் போனால் எனக்கு வாட்ஸ்ஆப்பில் படம் வரும். மேலே பொறித்த எண் தேய்ந்து போயிருக்கும். பக்கத்தில் ஒரு காசு வைத்து, "இது என்ன சைஸ், கையோடு எடுத்துட்டு வா" என்பார்கள். 6202 வெளிவட்டம் 35 மி.மீ., 6203 என்றால் 40. மாற்றி எடுத்துப்போனால் வண்டிப் பெட்ரோல் என் கணக்கில்.

பாலக்கோடு பக்கம் ஒரு பெரியவர் அனுப்பிய படம் இது. பத்து ரூபாய்க் காசுதான் வைத்திருந்தார், மாமா சொன்ன அதே 27. அளந்து கணக்குப் போட்டால் பேரிங் 38.5 வந்தது. 35-ம் இல்லை, 40-ம் இல்லை. 40-க்குத்தான் கிட்டே இருக்கிறது, 6203 என்று யாரும் எடுத்து வைப்பார்கள். எனக்கு அந்த இரண்டுங்கெட்டான் எண் இடித்தது. போன் பண்ணி, "தாத்தா, போனை எவ்வளவு உயரத்தில் பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "எழுத்து தெரியட்டும்னு ஒட்டிப் பிடிச்சேன்பா" என்றார். அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

6202 பேரிங் 11 மி.மீ. உயரம். காசு 2 மி.மீ.கூட இல்லை. இரண்டும் ஒரே மேசையில் இருந்தாலும் பேரிங்கின் மேல்முகம் காசை விட 9 மி.மீ. மேலே நிற்கிறது. போன் மேசையிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருந்தால் காசுக்கு 98 மி.மீ. தூரம், பேரிங் முகத்துக்கு 89. 98-ஐ 89-ஆல் வகுத்தால் 1.1. பேரிங் பத்து சதவீதம் வீங்கித் தெரியும். 35 வீங்கினால் 38.5. கணக்கு அச்சாகப் பொருந்தியது, 6202 எடுத்துப் போனேன், உட்கார்ந்தது.

இதே படத்தை அரை மீட்டர் மேலே இருந்து எடுத்து, அப்புறம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் பிசகு இரண்டு சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும். 35 என்பது 35.6 என்று தெரியும், குழப்பமே வராது. இப்போது எல்லோரிடமும் இரண்டே விஷயம் சொல்கிறேன். ஒன்று, போனைத் தூக்கிப் பிடித்து நேர் மேலிருந்து எடு. இன்னொன்று, காசைக் கீழே வைக்காதே, தீப்பெட்டி மாதிரி ஏதாவது அடியில் கொடுத்து பேரிங் மட்டத்துக்கு உயர்த்து.

ஓசூர் சுமதி

மெக்கானிக் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில போன்களைப் பொருளுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் அதுவாகவே அகலமான லென்ஸுக்கு மாறிவிடும். அதில் ஓரத்தில் இருப்பது இழுபட்டு, வட்டமான காசே முட்டை வடிவில் தெரியும். நான் படம் வந்ததும் முதலில் காசு வட்டமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள் அல்லது காசு ஓரத்தில் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் மேற்கொண்டு கணக்குப் போட்டுப் பிரயோசனம் இல்லை, திரும்ப எடுக்கச் சொல்லிவிடுவேன்.

வட்டமான காசு வைப்பதில் இந்த வசதி ஒன்று உண்டு, கையில் கிடையாது.

ராயக்கோட்டை ரவி

மறுபடி எடுத்தேன். மூன்று காசுக்கும் பக்கத்தில் பத்து ரூபாய், ஜன்னல் வெளிச்சம், அரை மீட்டர் உயரம். காசுகளும் ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் என்பதால் அடியில் எதுவும் வைக்கவில்லை. முதல் காசு 19, இரண்டாவது 23, மூன்றாவது 21 என்று வருகிறது. கையில் வைத்து எடுத்த பழைய படத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு மாதிரி இருந்தன.

முதல் படத்தில் வைத்த ரூபாயைத் தேடிப் பிடித்துவிட்டேன், ₹ குறி போட்டதுதான்.

பழையபேட்டை மாமா

அப்போ முதல் காசு அரைப் பைசா. இரண்டாவது ஒரு பைசா. ஆனாலும் நகைக்கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இவை கையால் அடித்த காசுகள். தகடு வெட்டுவதில் ஒழுங்கு கிடையாது, ஒன்று அகலமாக மெலிந்திருக்கும், இன்னொன்று ஒடுங்கித் தடித்திருக்கும். அகலம் ஏமாற்றும், எடை அவ்வளவாக ஏமாற்றாது. ஒரு பைசா 11 கிராமைச் சுற்றி இருக்கும், அரை அதில் பாதி, கால் அதிலும் பாதி. இரட்டைப் பைசா 22-ஐத் தாண்டும், அது கைக்கே கனமாகத் தெரியும்.

பிற்காலக் காசுகளில் எழுத்துப் பக்கத்தில் பெயரே இருக்கும். ஒரு பைசா ஸொஹ்ரா, அரை பஹ்ராம், கால் அக்தர். படிக்கத் தெரிந்தவர் கிடைத்தால் இந்த அளவு வேலையே வேண்டாம். யானைக்கு மேலோ கீழோ கன்னட எழுத்து தெரிந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், அது 1799-க்குப் பிறகு மைசூர் உடையார் அடித்தது, அதற்கு வேறு கணக்கு.

ராயக்கோட்டை ரவி

தெரிந்த ஆசாரி தராசில் போட்டாயிற்று மாமா. முதல் காசு 5.4 கிராம். இரண்டாவது 10.9. மூன்றாவதுதான் வம்பு: 8.3. கன்னட எழுத்து எதிலும் இல்லை.

பென்னாகரம் வளர்மதி

8.3 என்றால் தேய்ந்து போன ஒரு பைசாதானே?

பழையபேட்டை மாமா

கால்வாசி எடை தேய்ந்து போயிருந்தால் யானையே மழுங்கி நிழல் மாதிரி இருக்க வேண்டும். படத்தில் தந்தம், வால் எல்லாம் தெளிவாக நிற்கிறது. ஓரத்தை வெட்டி எடுத்திருக்கலாம், செம்புக்காக அப்படிச் செய்வதுண்டு. இல்லையென்றால் பிற்காலத்தில் அச்சில் உருக்கி வார்த்த போலியாகவும் இருக்கலாம். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. மூன்றாவது காசை நெட்டுக்கு நிறுத்தி, பக்கத்தில் பத்து ரூபாயையும் நிறுத்தி, விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். வெட்டிய தடம் இருக்கிறதா, நடுவில் கோடு மாதிரி இணைப்பு ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கணும்.

தருமபுரி பம்ப் மெக்கானிக்

நிறுத்த கொஞ்சம் கோதுமை மாவு பிசைந்து அடியில் வைங்க தம்பி. கிரீஸ் வைத்துவிடாதீர்கள்.

காவேரிப்பட்டணம் கணேசன்

மாமா, அந்த 5.4 கிராம் என்ன விலைக்குப் போகும்?