கோலாலம்பூரில் 28 நிமிடமா, 33 நிமிடமா?

தண்டையார்பேட்டை வாசி: பெரியவர்கள் நால்வர், மாலையில் கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்குகிறோம், மஸ்ஜித் இந்தியா அருகே தங்குகிறோம். ரயில், பேருந்து, டாக்சி ஆகியவற்றில் எது மலிவு, எது எளிது?

ராயபுரத்தான்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் என்ற விமான நிலைய ரயிலில் ஏறினால் 28 நிமிடத்தில் நகர மையம்.

வண்ணை வாத்தியார்: அந்த 28 நிமிடம் முதல் முனையத்திலிருந்து கணக்கிட்டது. இவர்கள் இறங்கும் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். அதுவும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வரைதான். அங்கே பெட்டிகளை இழுத்துக்கொண்டு கெலானா ஜெயா தடத்தின் எல்ஆர்டி நகர ரயிலுக்கு மாறி, பசார் செனியைத் தாண்டி மஸ்ஜித் ஜமேக்கில் இறங்க வேண்டும். பேசின் பிரிட்ஜில் ரயில் நிற்கும்போதே சென்ட்ரல் வந்துவிட்டதாகச் சொல்பவர்களுக்கு இது புரியாது.

ராயபுரத்தான்: ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய பாடமா? நான் நேரில் போய் வந்தவன். கைக்கடிகாரத்தில் பார்த்தது 28.

வண்ணை வாத்தியார்: எந்த முனையத்தில் ஏறினீர்கள் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. பணத்தைப் பார்ப்போம். ரயிலில் ஆளுக்கு 55 ரிங்கிட் வீதம் நால்வருக்கு 220. பேருந்தில் ஆளுக்குச் சுமார் 15, ஆக 60. ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, மாலை நெரிசலில் இன்னும் நீளும், அதுவும் அதே கேஎல் சென்ட்ரலில்தான் விடும். கிராப் வாடகைக் கார் செயலியில் எனக்குக் காட்டிய வாடகை 75 ரிங்கிட், சுங்கம் தனி. விடுதி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். தனியாளுக்குப் பேருந்து, நால்வருக்குக் கார். பெட்டிகள் பெரியவையாக இருந்தால் மட்டும் ஆறு பேர் அமரும் வண்டியைக் கேளுங்கள். சிறிய காரின் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகளுக்கு மேல் ஏறாது.

காசிமேடு கடலோடி: டாக்சியை நம்பாதீர்கள். சிங்கப்பூரில் நள்ளிரவில் ஏறிய எனக்கு மீட்டருக்கு மேல் பாதி கூடுதலாக வாங்கினார்கள்.

வண்ணை வாத்தியார்: அது ஏமாற்று அல்ல ஐயா, அங்கே நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டர் கட்டணத்தில் ஐம்பது விழுக்காடு கூடுதல் என்பது வழக்கம். மேலும், கேட்டது கோலாலம்பூரைப் பற்றி.

காசிமேடு கடலோடி: ஊர் எதுவானாலும் என் காசு காசுதான்.

ராயபுரத்தான்: வாத்தியார் காட்டிய 75 ரிங்கிட்டை மாலை ஆறு மணிக்குச் செயலியில் பார்த்துவிட்டுப் பேசட்டும். நெரிசல் நேரத்தில் ஏறும். ரயில் நெரிசலில் நிற்காது.

வண்ணை வாத்தியார்: ஏறும், மறுக்கவில்லை. இரட்டிப்பாகி 150 ஆனாலும் 220ஐத் தொடாது. போன மாதம் விம்கோ நகர் மெட்ரோ விவாதத்திலும் பயண நேரத்தை மட்டும் சொல்லி, நிலையத்துக்கு நடக்கும் நேரத்தை மறைத்தவர் நீங்கள்தான்.

ராயபுரத்தான்: அந்தப் பழைய கதை வேண்டாம். 28 நிமிடம் என்று நிலையத்திலேயே எழுதியிருக்கிறது.

தண்டையார்பேட்டை வாசி: அம்மாவுக்கு முழங்கால் வலி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டிக்கு மாற மின்தூக்கி இருக்கிறதா?

வண்ணை வாத்தியார்: இருக்கிறது, ஆனாலும் காரே நல்லது. முதல் முனையத்தில் எழுதியிருக்கும், ராயபுரத்தாரே. இரண்டாம் முனையத்தில் 33.

ராயபுரத்தான்: 28.