கல்விக்கடன்: மொரட்டோரியக் கால வட்டியை ஆண்டுதோறும் அசலில் சேர்த்தது சரியா?

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் நான்கு ஆண்டுப் படிப்புக்காக, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1,00,000 வீதம், 10 சதவீத வட்டியில் கல்விக்கடன் பெற்றோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் மொரட்டோரியம். அதுவரை தனிவட்டி மட்டுமே கணக்கிடப்படும் என்றும், கட்டாத வட்டி முடிவில் ஒரே முறை அசலில் சேர்க்கப்படும் என்றும் ஒப்புதல் கடிதம் கூறுகிறது.

அந்தக் கணக்கின்படி, நான்கு தொகைகளுக்கும் முறையே 5, 4, 3, 2 ஆண்டுகளுக்கான வட்டி 1,40,000 ஆகிறது; எனவே தவணை 5,40,000 என்ற அசலிலிருந்து தொடங்க வேண்டும். கடன் கணக்கிலோ 5,61,561 என்று இருக்கிறது.

கணக்கு அறிக்கையை வரிவரியாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. முதலாண்டு வட்டி 10,000 சரியாகவே உள்ளது. இரண்டாம் ஆண்டில் 20,000 இருக்க வேண்டிய இடத்தில் 21,000 பற்று வைத்திருக்கிறார்கள், அதாவது முதலாண்டு வட்டியை அப்போதே அசலாக்கிவிட்டார்கள். (அந்த ஆயிரத்தை அன்றே கவனிக்காதது என் தவறுதான்.) கிளையில் கேட்டதற்கு, கணினி தானாகப் போடும் கணக்கு என்பதே பதிலாகக் கிடைத்தது.

அடுத்த மாதம் முதல் தவணை தொடங்குகிறது. கூடுதலாக ஏறிய 21,561-ஐ திருத்தித் தரும்படி எழுத்துமூலம் கேட்டுப் பெற்றவர்கள் யாரேனும் உண்டா? திருத்தம் வரும்வரை, இந்த அசலை வைத்துக் கணக்கிட்ட தவணையைக் கட்டினால், அந்தத் தொகையை நான் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.