புதுக் கடைக்கும் தாத்தா பெயரேவா?

திண்டுக்கல் மாப்பிள்ளை: மாமனார் வீட்டில் மசாலாதான் ஆதித் தொழில். அப்புறம் எண்ணெய், கல்யாண மண்டபம், கடைசியாக வீட்டுமனை. எல்லாவற்றுக்கும் தாத்தா பெயர்தான். மண்டபம் அந்தப் பெயராலேயே நிரம்பியது, விளம்பரமே தேவைப்படவில்லை. மனையில்தான் சிக்கல். லேஅவுட் அனுமதி இழுத்தடித்ததும், பணம் கட்டியவர்கள் மசாலாக் கடைக்கு வந்து கல்லாவில் ரசீதை நீட்டினார்கள். அங்கே இருந்த பையனுக்கு மனையைப் பற்றி என்ன தெரியும்? இப்போது மச்சான் பேக்கரி தொடங்குகிறார். அதே பெயரா, புதுசா? உங்கள் வீடுகளில் எப்படி?

கரூர் ஜவுளி: ஒரே பெயர்தான் பலம். டாட்டாவைப் பாருங்கள், உப்பிலிருந்து லாரி வரை ஒரே பெயர்.

மார்க் வக்கீல்: பாதிதான் சரி. டைட்டன், தனிஷ்க், வோல்டாஸ், வெஸ்ட்சைட் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான், பெயரில் டாட்டா இல்லையே. டாட்டா என்று போடும் கம்பெனிகளும் சும்மா போடுவதில்லை. பெயர் டாட்டா சன்ஸுக்குச் சொந்தம். மற்றவை ஒப்பந்தம் போட்டு, வருமானத்தில் சிறு பங்கு கட்டுகின்றன.

நம் குடும்பங்களில் இல்லாதது அதுதான். மசாலா டிரேட்மார்க்கில் 30-ம் வகுப்பு, எண்ணெய் 29, மனை 36, மண்டபம் 43. ரொட்டியும் கேக்கும் மறுபடி 30. அதாவது மச்சானின் பேக்கரி, மசாலாவுக்கு வாங்கிய பதிவுக்குள்ளேயே வந்து விழுகிறது. அந்தப் பதிவு யார் பெயரில்? நான் பார்த்த ஒரு வீட்டில் மூத்தவரின் தனிப்பெயரில் இருந்தது. பாகம் பிரிந்ததும் தம்பியின் கடைப் போர்டை இறக்கச் சொல்லி மூத்தவரிடமிருந்து நோட்டீஸ். தானும் அதே பெயரில் பல வருடம் வியாபாரம் செய்ததாகத் தம்பி சொல்கிறார். வழக்கு இன்னும் ஓடுகிறது.

சேலம் செல்வி: பேக்கரிக்குத் தனி ஜிஎஸ்டி எண் வாங்கணுமா? எங்களுக்கும் இதே சந்தேகம்.

மார்க் வக்கீல்: அது வேறு கதை, ஆடிட்டரைக் கேளுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் கணக்கு ஒன்றாகிவிடாது.

நாகர்கோவில் ஏஜென்சி: கெவின்கேர் ஸ்டாக்கிஸ்ட்டாக இருந்தேன். சிக், மீரா, நைல் எல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு என்று வாங்குகிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஒன்றில் குறை வந்தாலும் மற்றது தப்பித்துவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளம்பரம். சின்னக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டு ஹோட்டலுக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டு ரொம்ப நாள் ஈ ஓட்டினோம். போர்டின் அடியில் சின்ன எழுத்தில் பழைய கடைப் பெயரையும் 'குடும்பத்தாரின்' என்று சேர்த்த பிறகுதான் ஆள் வந்தது.

கரூர் ஜவுளி: சின்ன எழுத்தில் போட்டாலும் ரசீதோடு வருகிறவன் வரத்தான் செய்வான்.

நாகர்கோவில் ஏஜென்சி: வருவான். ஆனால் கொஞ்சம் குறைவாக.

திண்டுக்கல் மாப்பிள்ளை: வீட்டில் கேட்டேன். பதிவு பெரிய மாமனாரின் தனிப்பெயரில்தானாம். "அதெல்லாம் இப்போ எதுக்கு மாப்ளே?" என்கிறார். மச்சானோ தாத்தா பெயரில் போர்டு எழுத அட்வான்ஸே கொடுத்துவிட்டார். வக்கீல் சார், குடும்பத்துக்குள் உரிமப் பத்திரம் எழுதினால் போதுமா, பெயரையே ஒரு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமா?