160 படிவம், 2 முற்பணம்: லீட்களைக் கடைசிவரை பின்தொடர்ந்த அனுபவம்

கடலோரன்

திருகோணமலையில் வீட்டுக் கூரைகளுக்குச் சோலார் பொருத்தும் சிறு நிறுவனமொன்றில் விளம்பரப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெப்ரவரியில் முகநூலுக்கு 60,000 ரூபாவும் கூகுள் தேடலுக்கு அதே 60,000 ரூபாவும் செலவிட்டோம். முகநூலுக்குள்ளேயே திறக்கும் படிவத்தை 160 பேர் நிரப்பினார்கள். கூகுள் வழியாக எங்கள் இணையத்தளத்துக்கு வந்து நிரப்பியவர்கள் 40 பேர். ஒரு படிவம் அங்கே 375 ரூபா, இங்கே 1,500 ரூபா. இதைப் பார்த்த முதலாளி கூகுளை நிறுத்தச் சொன்னார். நான் அவகாசம் கேட்டு, அந்த 200 பேரையும் ஒருவர் விடாமல் ஏப்ரல் இறுதிவரை பின்தொடர்ந்தேன்.

ஒவ்வொரு லீட்டுக்கும் ஒரு வரி ஒதுக்கி, எந்த விளம்பரத்திலிருந்து வந்தது, தொலைபேசியில் அகப்பட்டாரா, கூரையைப் பார்க்கப் போனோமா, கொட்டேஷன் கொடுத்தோமா, முற்பணம் வந்ததா என்று திகதியுடன் பதிந்தேன். முகநூலின் 160 பேரில் 71 பேர்தான் தொலைபேசியில் அகப்பட்டார்கள். பலருடைய எண் பழையது. முகநூல் தன்னிடமிருந்த எண்ணைப் படிவத்தில் தானே நிரப்பிக் கொடுக்க, அவர்கள் பார்க்காமலே அழுத்தியிருந்தார்கள். குருநாகலிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். நாங்கள் அங்கெல்லாம் பொருத்துவதில்லை. கூரை பார்த்தது 14, கொட்டேஷன் 9, முற்பணம் 2. கூகுளின் 40 பேரில் அகப்பட்டவர்கள் 33; கூரை 15, கொட்டேஷன் 13, முற்பணம் 5. ஆகவே ஒரு முற்பணத்துக்கு முகநூலில் 30,000 ரூபாவும் கூகுளில் 12,000 ரூபாவும் போயிருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நிலாவெளியான்

தம்பி, எனக்கு நிலாவெளியில் ஆறு அறைகள் கொண்ட விடுதி இருக்கிறது. மே மாதம் சீசன் தொடங்குமுன் படிவங்களை எப்படி அதிகமாக்குவது என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். 160 பேர் வந்ததே பெரிய காரியம் அல்லவா? எனக்குப் படிவமே வருவதில்லை, எல்லோரும் வட்ஸ்அப்பில் "விலை என்ன" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உப்புவெளித் தங்கை

படிவத்தைக் கடினமாக்கினால் இந்தச் சிக்கலே இருக்காது என்பது என் அனுபவம். நான் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். முகநூல் படிவத்தில் கூடுதல் எண்ணிக்கை, கூடுதல் ஆர்வம் என்ற இரண்டு வகைகளில் இரண்டாவதைத் தெரிவு செய்தால், அனுப்புமுன் விபரங்களை ஒருமுறை காட்டி உறுதிப்படுத்தச் சொல்லும். அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்தேன். வீண் எண்கள் பாதியாகக் குறைந்தன. அண்ணா, நீங்களும் மாதாந்த மின்பட்டியல் எவ்வளவு என்று கேட்டால் போதும், பின்தொடர வேண்டிய அவசியமே வராது.

கணக்கர்

தங்கை சொன்னதில் பாதி சரி. கேள்வி கூடினால் வீண் எண்கள் குறையும். ஆனால் சோம்பலால் விலகிப் போனவர்களில் வாங்கக்கூடியவர் எத்தனை பேர் என்பது படிவத்தில் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது முற்பணக் கணக்கு ஒன்றுதான். ஆகவே கேள்வியைச் சேர்த்த பிறகும் பின்தொடரத்தான் வேண்டும்.

கடலோரன், உங்கள் முடிவில் அவசரம் தெரிகிறது. 2, 5 என்பவை மிகச் சிறிய எண்கள். முகநூலில் இன்னும் இரண்டு பேர் கட்டியிருந்தால் 30,000 என்பது 15,000 ஆகியிருக்கும். கூரை பார்த்த கணக்கை எடுத்தால் 14க்கும் 15க்கும் இடையில் வித்தியாசமே இல்லை. ஆனால் கொட்டேஷன் கட்டத்தில் ஒன்றுக்கு ஏறத்தாழ 6,670 ரூபாவும் 4,615 ரூபாவும் வருகிறது. எண்ணிக்கை போதுமானதாகவும், பணத்துக்கு நெருக்கமாகவும், சில வாரங்களுக்குள் தெரிவதாகவும் உள்ள கட்டத்தை அளவுகோலாக வைப்பேன். உங்களுக்கு அது கொட்டேஷன். முற்பணத்தை மூன்று மாதங்கள் சேர்த்துப் பார்ப்பேன். பெப்ரவரிக் கிளிக்குகளை அந்த மாத வருமானத்தோடு ஒப்பிடாமல், அவை பிறகு எப்போது பணமாயினவோ அதோடு நீங்கள் ஒப்பிட்டது சரி. பலர் தவறுவது அங்கேதான்.

இன்னொரு சந்தேகம். கூகுள் லீட்களை யார், எவ்வளவு நேரத்துக்குள் அழைத்தார்கள்?

மூதூர்ப் பெண்

நான் ஒரு காணி விற்பனை அலுவலகத்தில் தரவு பதிபவள். எங்களுக்கு வந்த வினை கோப்பிலேயே இருந்தது. முகநூலிலிருந்து இறக்கும் கோப்பில் ஒவ்வொரு லீட்டின் அடையாள எண்ணுக்கும் முன்னால் `l:` என்று இருக்கும். அது அசிங்கமாகத் தெரிந்ததால் நான் நீக்கிவிட்டேன். நீக்கியதும் எக்செல் அதைச் சாதாரண எண்ணாக எடுத்து `1.23E+15` என்று காட்டியது. 15 இலக்கங்களுக்கு மேல் அது வைத்துக்கொள்ளாததால் கடைசி இலக்கம் 0 ஆகிவிட்டது. விற்பனை நிலையை முகநூலுக்குத் திரும்ப அனுப்பியபோது ஏராளமான வரிகள் பொருந்தாமல் போயின. காரணம் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது அந்த நிரலை எழுத்தாக வைத்துத்தான் கோப்பைத் திறக்கிறேன். தொலைபேசி எண்களிலும் 077 என்பதும் +9477 என்பதும் கலந்து வந்தால் ஒரே ஆள் இரண்டு வரிகளாகிவிடுவார்.

கடலோரன்

அக்கா, எங்களுக்கும் அப்படி ஒன்று நடந்தது. கூகுள் விளம்பரத்தை அழுத்தியவர் வரும் முகவரியின் இறுதியில் `gclid` என்று நீளமாக ஒரு குறி ஒட்டியிருக்கும். யார் எந்தக் கிளிக்கில் வந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. வந்தவர் விலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படிவப் பக்கத்துக்குப் போனால், அந்த முகவரியில் குறி இருப்பதில்லை. அதனால் முதல் வாரத்தில் வந்த 11 வரிகளில் 6 வரிகள் வெறுமையாக இருந்தன. எந்த விளம்பரம் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கையால் நிரப்பினேன். பிறகு முதல் பக்கத்திலேயே அதைக் குக்கீயில் சேமித்து, படிவத்தின் மறைந்த கட்டத்தில் எடுத்து வைத்தோம். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதால் ஒன்று மாறினாலும் கூகுள் அதை அடையாளம் காணாது.

கணக்கர்

விற்பனைப் பிரிவு நிலையைத் தாமதமாகப் பதிந்தாலும் அதே கதிதான். கிளிக் நடந்து 90 நாள்கள் கடந்த பிறகு பதிவேற்றும் விற்பனையைக் கூகுள் அந்தக் கிளிக்கோடு சேர்ப்பதில்லை. மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் வாடிக்கையாளர் உங்கள் கணக்கில் இருப்பார், கூகுளின் கணக்கில் இருக்கமாட்டார். நிலாவெளி ஐயாவுக்கும் ஒரு சொல்: வட்ஸ்அப்பில் வருபவரிடமும் எந்த விளம்பரம் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள், முன்பதிவு வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். படிவம் கூடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் அதைச் செய்யலாம்.

நிலாவெளியான்

கொப்பி என்றால் எனக்கு முடியும். ஆனால் விலை கேட்டவர் மறுமாதம் வேறு எண்ணில் அழைத்தால் என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

கடலோரன்

கணக்கர் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில் தேடியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. முகநூல் படிவங்களில் பெரும்பாலானவை இரவு ஒன்பது மணிக்குப் பின் வந்தவை. எங்கள் விற்பனையாளர் அவர்களை மறுநாள் மதியத்துக்குப் பிறகுதான் அழைத்திருக்கிறார். கூகுளின் படிவங்கள் பகலில் வந்ததால் அநேகமாக ஒரு மணித்தியாலத்துக்குள் அழைப்புப் போயிருக்கிறது. "கூகுள்காரர்தான் வாங்குவார்" என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை வளர்த்ததும் என்னுடைய தாள்தான். 160இல் 71க்கும் 40இல் 33க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் எவ்வளவு விளம்பரத்தால் வந்தது, எவ்வளவு அழைப்பு நேரத்தால் வந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. மே மாதத்திலிருந்து தாளில் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்பதை அவருக்கு மறைத்துவிட்டேன். வந்த ஒழுங்கிலேயே அழைக்கிறார். காலை எட்டு மணியிலிருந்து அரை மணித்தியாலம் இரவுப் படிவங்களுக்கு மட்டும்.

ஒரு வரி மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது. தம்பலகாமத்தில் கணவர் கூகுளில் தேடி எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மறுவாரம் மனைவி முகநூல் படிவத்தை நிரப்பி, முற்பணத்தையும் கட்டினார். கூரை பார்க்கப் போனவரிடம் கணவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதால்தான் எனக்கே தெரிந்தது. மேலே சொன்ன இரண்டு முகநூல் முற்பணங்களில் அது ஒன்று. இப்போதைக்கு அந்த வரியில் இரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.